உரிமைக்கு முன் நிற்கும் கடமை

இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்கப் பணித்தமைக்கு நன்றி. அரசியல் கோட்பாட்டைப் பல்லாண்டுகளாகக் கற்பித்துவரும் அறிஞர்கள் நிறைந்த அவை இது. இங்கே முதலில் பேசுவது பெருமை தருகிறது. கூடவே சிறு தயக்கமும் இருக்கிறது. தாராளவாதத் தனிமனிதவாதத்தின் மீதான சமுதாயவாத விமர்சனம் என்பது நமது தலைப்பு. 1971இல் ஜான் ரால்ஸின் நீதிக் கோட்பாடு வந்தது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அலஸ்டேர் மெக்கின்டயர், மைக்கேல் சாண்டல், மைக்கேல் வால்சர், சார்லஸ் டெய்லர் ஆகியோர் வெவ்வேறு திசைகளிலிருந்து தாராளவாதத்தை எதிர்த்து எழுதினர். நால்வரையும் ஒரே பெயரில் அடைத்தது பிற்கால வழக்கம். இந்த வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். அடுத்து வரும் அமர்வுகள் அதை விரிவாகப் பேசவும் போகின்றன. எனவே ஒரே ஒரு வாதத்தை மட்டும் உங்கள் முன் வைக்க அனுமதி கேட்கிறேன். இந்த விமர்சனத்தை நம் வகுப்பறைகள் தவறான இடத்திலிருந்து தொடங்குகின்றன என்பதே அது.

நமது பாடத்திட்டங்களில் இந்த விவாதம் பெரும்பாலும் ரால்ஸுக்கும் சாண்டலுக்கும் இடையிலான போட்டியாகவே வருகிறது. அறியாமைத் திரைக்குப் பின்னால் இருப்பவர் தன் குடும்பம், மதம், திறமை எதையும் அறியமாட்டார். அப்படி எல்லாப் பற்றுகளிலிருந்தும் விலகி நிற்கும் ஒரு 'நான்' உலகில் இல்லை என்பது 1982இல் சாண்டல் எழுதிய நூலின் சாரம். அந்த நூலின் கூர்மையான பகுதி வேறொன்று. பிறவித் திறமைகள் எல்லோருக்கும் பொதுவான சொத்து என்று ரால்ஸ் சொல்லும்போது, அந்த 'எல்லோரும்' யார், அவர்களை ஒன்றாகப் பிணைப்பது எது என்று சாண்டல் கேட்டார். இது இன்றும் வலுவான கேள்விதான். ஆனால் மாணவர் மனத்தில் தங்குவது பற்றற்ற 'நான்' என்ற படம் மட்டுமே. அந்தப் படத்துக்கு ரால்ஸ் 1985இலேயே பதில் சொல்லிவிட்டார். மோனோபலி ஆடுகிறவர் தன்னை உண்மையான நிலச்சுவான்தாராக எண்ணிக்கொள்வதில்லை. அதுபோல, திரைக்குப் பின்னால் நின்று சிந்திப்பது நீதியைப் பற்றி யோசிக்க உதவும் உத்தி, மனித இயல்பைப் பற்றிய கொள்கை அன்று என்றார். பதில் நியாயமானது. அதோடு விவாதமே முடிந்தது என்று துறையில் சில நண்பர்கள் நீண்டகாலமாக எழுதிவருகிறார்கள். அவர்களது புலமையை மதித்தே மறுக்கிறேன். முடிந்தது விவாதத்தின் பலவீனமான பாதி மட்டுமே.

வலுவான பாதி சாண்டலின் நூலுக்கு மூன்றாண்டுகள் முன்பே அச்சில் வந்துவிட்டது. சி. பி. மெக்ஃபர்சனைச் சிறப்பிக்க 1979இல் வெளியான தொகுப்பில் டெய்லர் 'அணுவாதம்' என்ற கட்டுரையை எழுதினார். அதன் முதன்மை இலக்கு ரால்ஸ் அல்லர். 1974இல் தனிமனித உரிமைகளையே தொடக்கப் புள்ளியாக வைத்து அரசைச் சுருக்கிக் காட்டிய ராபர்ட் நோசிக். சமூகத்துக்கு நான் செய்ய வேண்டியது ஏதேனும் உண்டென்றால் அது என் சம்மதத்தால் அல்லது நலனால் மட்டுமே பிறக்கும் என்பது அந்தப் பார்வை. டெய்லர் இதற்கு எதிராக மனித இயல்பைப் பற்றிப் பெரிய ஊகம் எதையும் வைக்கவில்லை. உரிமை என்ற கருத்துக்கு உள்ளேயே நுழைகிறார். கல்லுக்கு உரிமை உண்டென்று நாம் சொல்வதில்லை, மனிதருக்கு உண்டென்கிறோம். ஏன்? மனிதரிடம் மதிக்கத்தக்க ஓர் ஆற்றல் இருப்பதாகக் கருதுவதால். சிந்தித்து, தன் வாழ்வைத் தானே தேர்ந்துகொள்ளும் ஆற்றல் அது. ஓர் ஆற்றலை மதிக்கத்தக்கது என்று ஏற்றவர் அது வளர வேண்டும் என்பதையும் ஏற்றாக வேண்டும். தனித் தீவில் அது வளராது. மொழி, குடும்பம், பள்ளி, சட்டம், பொது விவாதம், கலை என்று பலவும் சேர்ந்த ஒருவகைச் சமூகத்தில்தான் வளரும். அப்படியானால் உரிமை கோருகிறவர் அந்தச் சமூகத்தைத் தாங்கும் கடமையைத் தன் விருப்பத்தைப் பொறுத்த விஷயமாக ஒதுக்க முடியாது. உரிமையும் கடமையும் ஒரே மூலத்திலிருந்து வருகின்றன. ஒன்றை அடித்தளமாக்கி மற்றதை மேல்மாடியாக்க வழியில்லை.

இந்த வாதத்தின் பலத்தை ஒரு வழக்கில் வைத்துப் பார்ப்போம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தின் அன்றைய சட்டப்படி 16 வயதுவரை பள்ளிக் கல்வி கட்டாயமாக இருந்தது. ஆமிஷ் மதப் பிரிவைச் சேர்ந்த பெற்றோர் மூவர் தங்கள் பிள்ளைகளை எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். உயர்நிலைப் பள்ளி போட்டியையும் உலகப் பற்றையும் ஊட்டும், பண்ணையிலும் வீட்டிலும் கற்பதே தங்கள் வாழ்முறைக்குப் போதும் என்பது அவர்கள் நம்பிக்கை. கீழ் நீதிமன்றம் ஆளுக்கு 5 டாலர் அபராதம் விதித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1972இல் பெற்றோர் வென்றார்கள். தலைமை நீதிபதி பர்கர் எழுதிய தீர்ப்பு ஆமிஷ் சமூகத்தின் நீண்ட வரலாற்றையும், உழைத்துத் தன்னிறைவோடு வாழும் பழக்கத்தையும் எடுத்துக்காட்டியது. தனியொருவர் தன் சொந்தத் தத்துவத்தால் இதே விலக்கைக் கேட்டிருந்தால் கிடைக்காது என்றும் சொன்னது. நீதிபதி டக்ளஸ் மட்டும் ஒரு பகுதியில் மாறுபட்டார்: பிள்ளைகளில் ஒருவர்தான் சாட்சி சொல்லியிருந்தார், மற்றவர்களை யாரும் கேட்கவில்லையே, அவர்களுள் ஒருவர் பியானோக் கலைஞராகவோ விண்வெளி வீரராகவோ ஆக விரும்பினால் என்ன செய்வது என்றார்.

இதைத் தனிமனிதருக்கும் சமூகத்துக்கும் இடையிலான மோதலாகப் பார்த்தால், பர்கரைச் சமுதாயவாதி என்றும் டக்ளஸைத் தாராளவாதி என்றும் பிரித்துவிட்டு நின்றுவிடுவோம். டெய்லரின் கேள்வி வேறு: எந்த அமைப்பு இந்தப் பிள்ளையின் தேர்வாற்றலை வளர்க்கிறது? விடை ஒருபக்கமாக இல்லை. ஆமிஷ் வீடும் பண்ணையும் பொறுப்பு, உழைப்பு, சொன்ன சொல் காத்தல் ஆகியவற்றைக் கற்றுத்தருகின்றன. இவை இல்லாமல் யாரும் எதையும் தேர்ந்து அதில் நிலைத்து நிற்க முடியாது. அதிலும் ஆமிஷ் ஞானஸ்நானம் குழந்தைப் பருவத்தில் தரப்படுவதில்லை. வளர்ந்த பிறகு, அவரவர் சம்மதத்தோடுதான் தரப்படுகிறது. ஞானஸ்நானம் பெற்றபின் விலகுபவரைச் சமூகம் ஒதுக்கிவைக்கும். தேர்வின் எடையை அந்தச் சமூகமே இவ்வளவு பெரிதாக மதிக்கிறது. அப்படியிருக்க, வாழ்நாள் முழுதும் கட்டுப்படுத்தும் ஒரு முடிவை எடுக்கப்போகும் பிள்ளைக்கு வெளியுலகில் பிழைக்கவும் அதை மதிப்பிடவும் தேவையான கல்வியை மறுப்பது, அந்தச் சம்மதத்தின் பொருளையே குறைக்கிறது. ஆகவே தீர்ப்பு தவறு என்பது என் கருத்து. பள்ளிக்கு வரி கட்டமாட்டேன் என்று நோசிக்கைத் துணைக்கழைப்பவரிடமும், பள்ளிக்கு அனுப்பமாட்டேன் என்று மரபைத் துணைக்கழைப்பவரிடமும் இந்த வாதம் ஒரே கணக்கைத்தான் கேட்கிறது. 1993இல் ரால்ஸ் இத்தகைய பிரிவுகளின் பிள்ளைகளுக்கு அரசமைப்பு தரும் உரிமைகள் கற்பிக்கப்பட வேண்டும், மதத்தை விட்டு விலகுவது குற்றமன்று என்று அவர்கள் அறிய வேண்டும் என்றார். விலகலாம் என்று அறிவது ஒன்று, விலகி வாழ இயல்வது இன்னொன்று. டெய்லரின் அளவுகோல் இரண்டாவதையும் கேட்கிறது. ஆனால் எத்தனை ஆண்டுக் கல்வி போதும் என்று அது சொல்வதில்லை. 16 என்ற எண்ணைத் தத்துவத்திலிருந்து யாரும் வருவிக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு மறுப்புகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். முதலாவது தாராளவாதிகளிடமிருந்து வருவது: இதை நாங்கள் எப்போது மறுத்தோம்? தேர்வுக்குப் பண்பாட்டுச் சூழல் தேவை என்பதை வில் கிம்லிக்கா 1989இலேயே தாராளவாதத்துக்குள் கொண்டுவந்துவிட்டாரே என்பார்கள். கொண்டுவந்தார், அது பெரிய பங்களிப்பு. ஆனால் அவரிடம் பண்பாடு தனிமனிதருக்குச் சேர வேண்டிய நலன்களில் ஒன்றாகவே வருகிறது. நலன் என்றால் நான் பெற்றுக்கொள்வது. டெய்லர் பேசுவது நான் பெற்றதை எனக்குப் பின் வருபவர்களுக்குத் தொடர்ந்து கிடைக்கச் செய்யும் கடமை. பிறவாதவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதில்லை, அவர்களால் எனக்கு ஆதாயமும் இல்லை. ஆகவே சம்மதத்தையும் நலனையும் மட்டும் வைத்து அந்தக் கடமையை விளக்க முடியாது. அதை ஏற்கும் தாராளவாதி தன் அடித்தளத்தை மாற்றிக்கொண்டவர். அவரோடு எனக்குச் சண்டை இல்லை.

இரண்டாவது மறுப்பு நம் மண்ணிலிருந்து வருகிறது; அது எடை மிக்கது. 1948 நவம்பர் 4 அன்று வரைவு அரசமைப்பை முன்வைத்த அம்பேத்கர், கிராமத்தை விடுத்துத் தனிமனிதரை அலகாகக் கொண்டதற்கு மகிழ்ச்சி தெரிவித்தார். சமூகம் ஆற்றலை வளர்க்கும் என்று பேசுபவர்கள், தலைமுறை தலைமுறையாக மனிதரின் ஆற்றலை நசுக்கிய சமூகத்தைப் பார்த்ததில்லையா என்ற கேள்வி அதில் இருக்கிறது. சமுதாயவாதத்தைக் காட்டிச் சாதி வழக்கத்துக்குத் தத்துவ மரியாதை தேடும் கட்டுரைகளும் நம் இதழ்களில் வந்திருக்கின்றன. ஆற்றலை வளர்ப்பதால்தான் சமூகத்துக்குக் கடமைப்பட்டோம் என்றால், நசுக்கும் சமூகத்துக்கு அந்தக் கடன் இல்லை. அதை மாற்றுவதே கடமை. இந்தத் தெளிவு அக்கட்டுரைகளில் இல்லை. அம்பேத்கரைத் தனிமனிதவாதி என்று மட்டும் வாசிப்பதும் போதாது. பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிடும் தீர்மானம் பம்பாய் சட்டமன்றத்தில் 1923இல் நிறைவேறியது. மகாத் நகராட்சி 1924இல் தன் குளத்தைத் திறந்தது. ஆனாலும் 1927 மார்ச்சில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு நடந்துபோய் அந்த நீரை அள்ளிக் குடிக்கும்வரை உரிமை தாளிலேயே இருந்தது. குடித்தவர்கள் தாக்கப்பட்டார்கள், குளத்துக்குத் தீட்டுக் கழிக்கும் சடங்கும் நடந்தது. தீர்மானம் தந்த உரிமையைத் தாங்கும் சமூகம் அந்த ஊரில் இல்லை. 1949 நவம்பர் 25 அன்று, சகோதரத்துவம் இல்லாமல் சுதந்திரமும் சமத்துவமும் இயல்பாக நிலைக்காது, அவற்றை நிலைநாட்டக் காவலரை நிறுத்த வேண்டியிருக்கும் என்று அவர் எச்சரித்ததன் பின்னணியில் இந்த அனுபவமும் இருக்கிறது. அலகு தனிமனிதர்தான், ஆனால் அந்தத் தனிமனிதரைத் தாங்கும் சமூகத்தை இனிமேல்தான் கட்ட வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. டெய்லரின் வாதத்தை இதைவிடக் கடுமையான களத்தில் யாரும் சோதித்ததில்லை. நமது பாடத்திட்டங்கள் இந்த இருவரையும் இரண்டு தாள்களில் பிரித்து வைத்திருப்பதை மாற்ற வேண்டும்.

எனவே இன்றைய அமர்வுகளுக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். கட்டுரையில் 'சமூகம்' என்ற சொல் வரும் இடத்தில் எந்த அமைப்பைச் சொல்கிறீர்கள், அது யாருடைய எந்த ஆற்றலை வளர்க்கிறது, அதற்கான விலையை யார் கொடுக்கிறார் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். இவற்றுக்கு விடை இருந்தால் தாராளவாதியும் சமுதாயவாதியும் ஒரே மேசையில் வாதிடலாம். விடை இல்லாவிட்டால் சமூகத்தின் பெயரால் எதையும் நியாயப்படுத்திவிடலாம். நான் சொன்னவற்றை மறுக்க விரும்புவோர் முதல் அமர்விலேயே மறுக்கலாம், வரவேற்கிறேன். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.