புரட்டிப் போடாத விடை

கட்டுரை வாசிப்பேன் என்றுதான் அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். நான் கதை சொல்லிவிட்டு இறங்கப் போகிறேன். ஒரே ஒரு மதிப்பெண்ணின் கதை.

பன்னிரண்டாம் வகுப்பு, இயற்பியல் மாதிரித் தேர்வு. டீச்சர் விடைக்குறிப்பைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, "தாளை மாத்தித் திருத்துங்க" என்றார். கயலின் தாள் செல்விக்கு வந்தது. இருவரும் ஒரே பெஞ்சு.

மூன்று மதிப்பெண் கணக்கு. 4 ஓம், 6 ஓம் மின்தடைகளைப் பக்க இணைப்பில் வைத்தால் தொகுபயன் மின்தடை என்ன? சூத்திரத்துக்கு ஒன்று, பிரதியிட்டதற்கு ஒன்று, அலகோடு விடைக்கு ஒன்று. கயல் நாலில் ஒன்றையும் ஆறில் ஒன்றையும் கூட்டி, பன்னிரண்டில் ஐந்து வரை சரியாக வந்துவிட்டாள். அதோடு 'விடை 5/12 ஓம்' என்று அடிக்கோடும் போட்டுவிட்டாள். அது மின்தடை இல்லை ஐயா, அதன் தலைகீழி. புரட்டிப் போட்டால்தான் 12/5, அதாவது 2.4 ஓம்.

இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. இரண்டு 4 ஓம் பக்க இணைப்பில் 2 ஓம் தரும். இரண்டு 6 ஓம் 3 தரும். ஆக 4-ம் 6-ம் சேர்ந்தால் விடை 2-க்கும் 3-க்கும் நடுவில்தான் விழ வேண்டும். 'சின்ன மின்தடையைவிடக் குறைவாக வரும்' என்று மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளைக்கு 5/12-உம் சரியாகவே தெரியும். கயல் அந்தப் பிள்ளை.

செல்வி சிவப்புப் பேனாவைச் சுழிக்கத்தான் கொண்டு போனாள். மொத்தத்தைக் கூட்டினாள்: எழுபதுக்கு 49. ஐம்பது வாங்கினால்தான் வீட்டில் பேச்சு வாங்காமல் தப்பிக்கலாம் என்று காலையில் கயல் சொன்னது காதில் நின்றது. சுழிக்கவில்லை. டிக் போட்டாள். அந்த டிக் மற்றவற்றைவிடக் கொஞ்சம் நீளமாக விழுந்தது.

பொதுத்தேர்வு வந்தது. அதே கணக்கு வேறு சட்டை போட்டு வந்தது: 3 ஓம், 6 ஓம், 12 வோல்ட் மின்கலம்; மொத்த மின்னோட்டமும் காண்க.

வெளியே வந்த கயல் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "மாடல்ல போட்ட மாதிரியே போட்டேன்டி! அரை ஓம், 24 ஆம்பியர்."

செல்வியின் வினாத்தாள் ஓரத்தில் பென்சிலால் 2 ஓம், 6 ஆம்பியர் என்று இருந்தது. அதை நாலாய் மடித்தாள். பஸ் ஸ்டாப் வரை மடித்துக்கொண்டே வந்தாள். பிறகு நின்றாள்.

"கயலு, அன்னைக்கு உன் தாள்ல நான் போட்ட ஒரு டிக் தப்புடி."

"எது?"

மடித்த தாளைச் செல்வி பிரிக்க ஆரம்பித்தாள். நான் எழுதியது அதுவரைதான்.