ஒரு சட்டையின் பயணம்: யவத்மாலிலிருந்து புனே வரை

(புனேயில் தமிழ்த் தோழர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



புனேயின் பெரிய கடையொன்றில் தொங்கும் பருத்திச் சட்டையின் கழுத்துப்பட்டைக்கு உட்புறம் சிறு துணித்துண்டு ஒன்று இருக்கும். 'வங்கதேசத்தில் தயாரிக்கப்பட்டது' என்று அதில் அச்சிடப்பட்டிருந்தால், அங்கே வெட்டித் தைக்கப்பட்டது என்பதே பொருள். பஞ்சு எங்கே விளைந்தது, நூல் எங்கே நூற்கப்பட்டது என்பதை அது சொல்வதில்லை. வங்கதேசத்தில் பருத்தி விளைச்சல் மிகச் சொற்பம். அதன் ஆலைகள் பஞ்சுக்கு ஏறத்தாழ முழுவதுமாக இறக்குமதியையே நம்பியுள்ளன. பஞ்சும் நூலும் விற்கும் நாடுகளில் இந்தியா முக்கியமானது. எனவே இதே மராட்டிய மாநிலத்தின் விதர்பாவில் விளைந்த பருத்தியே சட்டையாகத் திரும்பி வந்திருக்கக்கூடும். அத்தகைய சட்டை ஒன்றின் வழியைப் பார்ப்போம்.

யவத்மால் மாவட்டத்தின் பருத்தி பெரும்பாலும் மானாவாரிப் பயிர். வெடித்த காய்களிலிருந்து பருத்தியை எடுப்போர் பெண்கள். கூலி கிலோக் கணக்கில். 2025-26ஆம் ஆண்டில் நீண்ட இழைப் பருத்திக்கு ஒன்றிய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 8,110 ரூபாய். ஆனால் இந்தியப் பருத்திக் கழகத்தின் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 8 விழுக்காட்டைத் தாண்டினால் விலை குறைக்கப்படும். 12 விழுக்காட்டைத் தாண்டினால் பருத்தியே ஏற்கப்படாது. மழையில் நனைந்த பருத்தியோடு, கடனுக்கு வட்டி கட்ட வேண்டிய விவசாயி வியாபாரியிடம் போகிறார். ஆதரவு விலை அங்கே செல்லாது.

அரைவை ஆலையில் விதை நீக்கினால் 100 கிலோ பருத்தியிலிருந்து 34 கிலோ அளவுக்கே பஞ்சு கிடைக்கும். நூற்பிலும் துணி வெட்டுவதிலும் கழிவாவதைச் சேர்த்தால், 200 கிராம் எடையுள்ள சட்டைக்கு ஏறத்தாழ 300 கிராம் பஞ்சு வேண்டும். அதாவது வயலில் எடுத்த பருத்தி ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆதரவு விலை முழுமையாகக் கிடைத்தாலும் அதற்கு விவசாயி பெறுவது 70 ரூபாயளவே. விதை, உரம், பூச்சிமருந்து, எடுப்புக் கூலி யாவும் அதற்குள் அடக்கம்.

பொதியாகக் கட்டப்பட்ட பஞ்சு திண்டுக்கல், கோவை வட்டார நூற்பாலைகளுக்கு வருகிறது. 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம்பெண்களின் கூலியைப் பிடித்துவைத்து, ஒப்பந்த முடிவில் மொத்தமாகத் தருவதாகச் சொல்லி விடுதிகளில் அடைத்த வரலாறு இவ்வட்டாரத்துக்கு உண்டு. இன்று அதே இயந்திரங்களின் அருகே ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்களும் நிற்கிறார்கள்.

நூல் வங்கதேசம் சென்று, அங்கே பாவாகவும் ஊடையாகவும் நெய்யப்பட்டு, சாயமேறி, டாக்காவை ஒட்டிய காசிப்பூர், சாவர் பகுதிகளின் தையற்கூடங்களை அடைகிறது. ஒருவர் கழுத்துப்பட்டை, ஒருவர் கைமடிப்பு, ஒருவர் பொத்தான் துளை என வேலை துண்டுதுண்டாகப் பிரிந்துள்ளது. ஒரு சட்டையின் மீது அனைவரும் செலவிடும் நேரத்தைக் கூட்டினால் ஏறத்தாழ அரைமணி. 2023 டிசம்பர் முதல் குறைந்தபட்ச மாத ஊதியம் 12,500 டாக்கா. அக்கணக்கில் அரைமணிக்கு விழுவது 30 டாக்கா. இந்த உயர்வும் தெருப் போராட்டத்தில் தொழிலாளர்கள் உயிர் கொடுத்துப் பெற்றதே. 2013 ஏப்ரல் 24 அன்று சாவரில் ரானா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். விரிசல் கண்ட கட்டடத்துக்குள் அவர்களை மீண்டும் அனுப்பியது, குறித்த தேதிக்குச் சரக்கை அனுப்ப வேண்டும் என்ற நெருக்கடி.

அந்தத் தேதியை விதிப்பவர் யார்? வயலோ, ஆலையோ, தையல் இயந்திரமோ பெரும்பாலும் தமக்கெனச் சொந்தமில்லாத வணிகப்பெயர் நிறுவனங்கள். 2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டி இவை வங்கதேசத்தில் 300 கோடி டாலருக்கும் மேற்பட்ட கொள்முதல் ஆணைகளை நிறுத்தின அல்லது ரத்து செய்தன. ஏற்கெனவே வெட்டித் தைத்த துணிகளும் அவற்றுள் அடங்கும். துணியை வாங்கிய செலவு உற்பத்தியாளர் தலையில் விழுந்தது. அவர் அதைத் தொழிலாளியின் மீது இறக்கினார்.

2011 முதல் வங்கதேச ஆடைகள் அடிப்படைச் சுங்க வரியின்றி இந்தியாவுக்குள் வர முடிகிறது. ஆகவே ஐரோப்பாவுக்குப் போகும் அதே சட்டை புனேக்கும் வருகிறது. ஆனால் வழி மாறியுள்ளது. 2025 ஏப்ரலில் வங்கதேசம் தரைவழியாக இந்திய நூல் நுழைவதை நிறுத்தியது. மே 17 அன்று இந்தியா, வங்கதேச ஆடைகளைத் தரைவழித் துறைமுகங்களில் தடுத்து, நவசேவா, கொல்கத்தா கடல் துறைமுகங்களை மட்டும் அனுமதித்தது. பெட்ராபோல் எல்லையில் லாரியில் கடந்த சரக்கு இப்போது தீபகற்பத்தையே சுற்றிக்கொண்டு நவசேவாவில் இறங்குகிறது. நூற்பாலைக்கும் தையற்கூடத்துக்கும் செலவும் நாட்களும் கூடின.

'தேசநலன்' என்று இதற்கு விளக்கம் சொன்ன அதே ஒன்றிய அரசு, 2025 ஆகஸ்ட் 19 முதல் பருத்தி இறக்குமதி மீதான 11 விழுக்காடு வரியை நீக்கியது. செப்டம்பர் இறுதி வரை என்றிருந்த சலுகை பின்னர் டிசம்பர் இறுதி வரை நீட்டிக்கப்பட்டது. விதர்பாவில் புதுப் பருத்தி சந்தைக்கு வரும் மாதங்கள் அவையே.