வினா நம்முடையது, விடை நம் பொறுப்பு

(தாம்பரத்தில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் கணிதப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்.எம்.எம்.எஸ். தேர்வு நெருங்கினால் தாம்பரம், சேலையூர், பல்லாவரம் பக்கத்துப் புத்தகக் கடைகளில் மாதிரி வினாத் தொகுப்புகள் வந்துவிடும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வாங்குகிறார்கள். தேர்ச்சி பெற்றுத் தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். நான்கு ஆண்டுக்கு 48,000 ரூபாய். கூலி வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அது சின்னத் தொகை அல்ல. அது கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் ஒரு மதிப்பெண்ணில் முடிவாகலாம்.

கடந்த ஆண்டு எங்கள் சனிக்கிழமைப் பயிற்சி வகுப்பில் ஒரு மாணவி அப்படி வாங்கிய தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தாள். மனத்திறன் பகுதியில் ஓர் எண்தொடர் வினா: 3, 5, 7, ? கொடுத்திருந்த விடைகள் 8, 9, 10, 11. அவள் 9 என்று குறித்திருந்தாள். விடைக்குறிப்பில் 11 என்று இருந்தது. "நான் எங்கே தப்புப் பண்ணினேன் டீச்சர்?" என்று கேட்டாள்.

அவள் தவறே செய்யவில்லை. ஒற்றை எண்கள் என்று பார்த்தால் அடுத்தது 9. பகா எண்கள் என்று பார்த்தால் அடுத்தது 11. இரண்டு விடையும் பட்டியலில் இருக்கின்றன. தவறு வினாவில். மூன்று எண்களை மட்டும் கொடுத்ததால் விதி எது என்று தீர்மானிக்க வழியில்லை. 3, 5, 7, 11, 13, ? என்று கேட்டிருந்தால் 17 என்ற விடையில் யாருக்கும் ஐயம் வந்திருக்காது. ஆனால் அந்த மாணவி அதற்குள் தன் சிந்தனைதான் தவறு என்று முடிவு கட்டியிருந்தாள். தவறான விடைக்குறிப்பு செய்யும் பெரிய கேடு அதுதான்.

அந்த வாரமே வேறு இரண்டு தொகுப்புகளை வாங்கிப் பார்த்தேன். அதே வினா, அதே நான்கு விடைகள், அதே 11. யாரோ ஒருவர் யோசிக்காமல் எழுதியதை மற்றவர்கள் போட்டுப் பார்க்காமல் எடுத்திருக்கிறார்கள். சரியான விடை பத்துப் புத்தகத்தில் ஒன்றாக இருப்பது இயல்பு. ஒரே பிழை மூன்று புத்தகத்தில் இருந்தால் அது நகல் என்பதற்கு அடையாளம். பதிப்புரிமை வழக்குகளிலும் இதைச் சான்றாகக் காட்டுவார்கள்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு முழுமையாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நானும் நான்கு வழிகாட்டி நூல்களிலிருந்து வெட்டி ஒட்டி ஒரு தொகுப்பு செய்தேன். என் வகுப்பின் 32 பிள்ளைகளுக்கு நகல் எடுத்துக் கொடுத்தேன். அந்த நகல் எப்படியோ ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போய், முதல் பக்கத்தில் எங்கள் பள்ளியின் பெயரோடு 40 ரூபாய்க்கு விற்பனையானது. ஒரு வழிகாட்டி நூலின் பதிப்பாளர் தலைமையாசிரியருக்குத் தொலைபேசியில் பேசினார். கடைக்காரரிடம் சொல்லி மீதிப் பிரதிகளை வாங்கி வந்தோம். அன்றுதான் சட்டம் என்ன சொல்கிறது என்று படித்தேன்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு நமக்கு ஒரு சலுகை தருகிறது. ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின் போக்கில் ஒரு படைப்பை நகல் எடுக்கலாம். தேர்வில் விடையளிக்க வேண்டிய வினாவின் பகுதியாகவும் அதைப் பயன்படுத்தலாம். ஆகவே வகுப்பறையில் நான் செய்ததைக் குற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதே தாளுக்கு விலை போட்டுக் கடையில் வைத்தால் அது கற்பித்தல் அல்ல, வெளியீடு. வகுப்புக்கான சலுகையைக் கடைக்குக் கொண்டுபோக முடியாது.

அப்படியானால் பிறர் நூலை ஒட்டி எதையுமே விற்கக் கூடாதா? கூடும். நம் சென்னை உயர்நீதிமன்றமே இதைப் பார்த்திருக்கிறது. ஈ.எம். ஃபார்ஸ்டரின் 'எ பாசேஜ் டு இந்தியா' நாவலுக்கு மாணவர்களுக்கான வழிகாட்டி நூல் ஒன்று இங்கே வெளிவந்தது. அதை எதிர்த்து ஃபார்ஸ்டர் வழக்குத் தொடுத்தார். அந்தத் தீர்ப்பு 1964-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. வழிகாட்டியை எழுதியவர் தன் உழைப்பையும் திறனையும் செலுத்தி வேறொரு பயனுக்கான நூலைச் செய்திருக்கிறார், அது நாவலின் நகல் அல்ல என்பதே அதன் சாரம். நமக்கு வேண்டிய அளவுகோல் இதில் இருக்கிறது. கருத்தும் உண்மையும் சூத்திரமும் யாருக்கும் சொந்தமல்ல. ஒருவர் எழுதிய வாக்கியம், வரைந்த படம், தேர்ந்து அடுக்கிய வினாத்தாள் ஆகியவை அவருடைய உழைப்பு. தேர்வு வினாத்தாளுக்கும் பதிப்புரிமை உண்டு என்று லண்டனில் 1916-லேயே தீர்ப்பாகிவிட்டது. ஆகவே முந்தைய ஆண்டு வினாத்தாள்களை அப்படியே அச்சிட்டு விற்பதற்கு முன் உரியவரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். பாடநூல் படத்தை ஸ்கேன் செய்து ஒட்டுவதும் இதில் அடங்கும்.

இப்போது நான் வினா எழுதும் முறையைச் சொல்கிறேன். பாடநூலைத் திறந்து பகுதியைப் படிப்பேன். எந்தக் கருத்து, எந்த வகுப்பு, எந்தப் பக்கம், எந்த ஆண்டுப் பதிப்பு என்று ஒரு நோட்டில் குறிப்பேன். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு வினாவை எழுதுவேன். எட்டாம் வகுப்பு வாழ்வியல் கணிதத்தில் இலாப விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். தாம்பரம் சந்தையில் ஒருவர் ஒரு பையை 20% இலாபத்தில் 600 ரூபாய்க்கு விற்றார், அடக்க விலை என்ன? விடை 500.

தவறான விடைகளை மனம்போனபடி எழுதக் கூடாது. நம் பிள்ளைகள் செய்யும் பிழையிலிருந்து எடுக்க வேண்டும். 600-இல் 20 விழுக்காடு கண்டு கழிப்பவருக்கு 480 வரும். 20-ஐ ரூபாயாகவே கழிப்பவருக்கு 580 வரும். இலாபம் என்றதும் கூட்டுபவருக்கு 720 வரும். இந்த மூன்றையும் வைத்தால், பிள்ளை எதைக் குறித்தாள் என்று பார்த்தே அவள் எங்கே தடுக்கினாள் என்று தெரிந்துவிடும். இப்படி எழுதினால் எனக்கு ஒரு மாலையில் பத்துப் பன்னிரண்டு வினாதான் தேறும். மனத்திறன் 90, படிப்பறிவு 90 என்று ஒரு முழுத் தொகுப்புக்குப் பல வாரம் ஆகும். வெட்டி ஒட்டினால் இரண்டு நாள். விலை குறைவான தொகுப்புகள் எப்படி வருகின்றன என்பது இதில் புரியும்.

எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. ஆகவே விடைக்குறிப்பு இல்லாமல் இன்னோர் ஆசிரியர் அனைத்தையும் போட வேண்டும். அவர் விடையும் என் விடையும் மாறுபட்டால் யார் சரி என்று வாதிடுவதில்லை. இரண்டு ஆசிரியர்களுக்கு இரண்டு விடை வருகிறது என்றால் அந்த வினாவைத் திருத்த வேண்டும் என்றே பொருள்.

டிடிபி சென்டரிலிருந்து மெய்ப்பு வந்ததும் மறுபடி போட வேண்டும். எழுத்துரு மாறும்போது அடுக்குக்குறி கீழே இறங்கிவிடும். 2³ என்பது 23 ஆகிவிடும். விடை 8 என்று குறிப்பில் இருக்கும், வினா 23 என்று நிற்கும். இன்னொன்று, விடைகளின் வரிசையை மாற்றிய பிறகு விடைக்குறிப்பைத் திருத்த மறப்பது. விடைக்குறிப்பை எப்போதும் இறுதி மெய்ப்பைப் பார்த்தே புதிதாகத் தயாரியுங்கள், பழையதைத் திருத்தாதீர்கள்.

இருமொழித் தொகுப்பு என்றால் தமிழைத் தனியாக, ஆங்கிலத்தைத் தனியாக இரண்டு பேர் போட்டுப் பார்க்க வேண்டும். 2018 நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளை நாம் மறக்க முடியாது. சிறுத்தை என்று வர வேண்டிய இடத்தில் ஆங்கில ஒலியை அப்படியே 'சீத்தா' என்று எழுதியிருந்தார்கள். 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு நடந்தது. மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு நவம்பரில் அதை ரத்து செய்தது. வினா அச்சான பிறகு நீதி கேட்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இது சான்று.

பதிப்பு ஆண்டை ஏன் குறிக்கச் சொல்கிறேன் என்பதற்கு 2024 நீட் தேர்வு சான்று. எல்லாத் தனிமங்களின் அணுக்களும் நிலையானவை என்று பழைய என்.சி.இ.ஆர்.டி. நூலில் இருந்தது. கதிரியக்கத் தனிமங்கள் இருக்கும்போது அது சரியாகாது. பின்வந்த பதிப்பில் 'பெரும்பாலான தனிமங்கள்' என்று திருத்தினார்கள். இதை ஒட்டிய இயற்பியல் வினாவுக்கு முதலில் இரண்டு விடைகளுக்கும் மதிப்பெண் கொடுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் டெல்லி ஐ.ஐ.டி.யின் மூன்று வல்லுநர்களைக் கேட்டு, ஒரே விடைதான் சரி என்று முடிவு செய்தது. ஒரு பழைய வரி லட்சக்கணக்கானோரின் தரவரிசையை மாற்றியது. நம் கையில் உள்ள பழைய வழிகாட்டியிலும் இப்படி வரிகள் இருக்கும்.

கடைசியாக விற்பனை. அரசு ஆசிரியராகிய நாம் விற்க முடியுமா என்று பலர் கேட்கிறீர்கள். அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973-இன்படி முன் அனுமதி இல்லாமல் வணிகத்தில் ஈடுபடக் கூடாது. நான் விற்பதில்லை. எழுதுவது என் வகுப்புக்கு. ஓய்வு பெற்ற மூத்த ஆசிரியர் ஒருவர் தானே தொகுப்பு எழுதி வெளியிடுகிறார். அவர் அடிக்கடி ஐயம் கேட்பார். அவருக்கு நான் சொன்னவை மூன்று. வினா எழுதித் தருபவரிடம் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள், வாய்ச்சொல்லால் பதிப்புரிமை கைமாறாது. துறையின் சின்னத்தையோ அரசு வெளியீடு என்று எண்ணவைக்கும் தலைப்பையோ அட்டையில் போடாதீர்கள். முதலில் 50 பிரதி மட்டும் அச்சிட்டு, பிழை சொல்ல ஒரு தொலைபேசி எண்ணைப் பின்னட்டையில் கொடுங்கள்.

அவரது முதல் 50 பிரதியில் நான்கு பிழைகள் வந்தன. இரண்டு அடுக்குக்குறிப் பிழை, ஒன்று விடைக்குறிப்பில், ஒன்று உண்மையிலேயே இரண்டு விடை உள்ள வினா. பிழைதிருத்தத் தாள் அச்சிட்டு, வாங்கிய பிள்ளைகளுக்குக் கடைகள் வழியே கொடுத்தார். அந்த நான்காவது பிழையைக் கண்டுபிடித்தது, 9 என்று எழுதிய எங்கள் மாணவிதான். விடைக்குறிப்பைப் பார்த்ததும் இந்தமுறை அவள், "நான் எங்கே தப்புப் பண்ணினேன்?" என்று கேட்கவில்லை. "டீச்சர், இந்தக் கணக்கு தப்பு" என்றாள்.