கிணற்றில் இட்ட நஞ்சும் விளைவெனும் அச்சமும்



சான்றுகளை எடைபோடும் முன்பே நம் மனத்தை ஒருபுறம் சாய்த்துவிடும் வாதங்கள் இரண்டு உண்டு. ஒன்று, பேசப்போகிறவர் வாய்திறக்கும் முன்பே அவர்மீது ஐயத்தை விதைப்பது. இதனைக் கிணற்றில் நஞ்சிடுதல் என்பர். மற்றொன்று, ‘இது உண்மையென்றால் கேடு விளையும், ஆகவே இது உண்மையன்று’ என்பது. இவ்விரண்டையும் ஒரே வழக்கில் காண்பதற்குப் பிரான்சு நாட்டு டிரேஃபஸ் வழக்கினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

1894-ஆம் ஆண்டு பாரிசு நகரின் ஜெர்மானியத் தூதரகத்திலிருந்து கிழிந்த கடிதம் ஒன்று பிரெஞ்சு உளவுத்துறைக்குக் கிடைத்தது. இராணுவச் செய்திகளை விற்க முன்வந்தவன் எழுதிய பட்டியல் அது. யூதரான கேப்டன் ஆல்ஃபிரெட் டிரேஃபஸின் கையெழுத்தென்று சொல்லி, அவருக்கு ஆயுள் தண்டனை விதித்துத் தொலைதூரத் தீவுக்கு அனுப்பினர். 1896-இல் உளவுத்துறைத் தலைவர் பிக்கார், அக்கையெழுத்து எஸ்தெராசி என்னும் வேறோர் அதிகாரியுடையது என்று கண்டார். அவ்வாண்டு நவம்பரில் ஒரு நாளிதழ் அக்கடிதத்தின் படத்தையே வெளியிட்டது. ஆக, கடிதத்தின் எழுத்து எவருடையதோடு ஒத்திருக்கிறது என்பதை வாசகர் தம் கண்ணாலேயே ஒப்பிட்டிருக்கலாம்.

ஒப்பிட விடவில்லை. டிரேஃபஸை விடுவிக்க யூதச் செல்வர்கள் பணத்தை வாரியிறைக்கும் ‘சிண்டிகேட்’ ஒன்று இருப்பதாக எதிர்ப்பு ஏடுகள் எழுதின. எழுத்தாளர் எமில் சோலா பேசினால் விலைபோனவர்; பிக்கார் பேசினால் அவரும் விலைபோனவர். இந்த நஞ்சின் இயல்பைக் கவனியுங்கள். மறுப்பவர் எவராயினும், அவர் மறுப்பதே அவர் விலைபோனதற்குச் சான்றாகிவிடுகிறது. எந்தச் சான்றாலும் அசைக்க முடியாத குற்றச்சாட்டு வலிமையானது போலத் தோன்றும். உண்மையில் அது எதனையும் மெய்ப்பிக்காத குற்றச்சாட்டு.

1898 பிப்ரவரியில் சோலாமீது அவதூறு வழக்கு நடந்தது. டிரேஃபஸின் குற்றத்துக்கு ஐயத்துக்கிடமில்லாத ஆவணம் உண்டென்று ஒரு தளபதி சாட்சியம் சொன்னார். அதனைக் காட்டுமாறு சோலாவின் வழக்கறிஞர் லபோரி கேட்டார். ஆவணம் வரவில்லை, தலைமைத் தளபதி புவாதெஃப்ர் வந்தார். படைத்தலைவர்கள்மீது நாட்டுக்கு நம்பிக்கையில்லையெனில் தாங்கள் அப்பொறுப்பைப் பிறரிடம் விட்டுவிட ஆயத்தமாக இருப்பதாக நடுவர் குழுவினரிடம் கூறினார். அவருடைய சொல்லில் அந்த ஆவணத்தின் எழுத்தைப் பற்றியோ தாளைப் பற்றியோ ஆராய்ச்சி ஏதுமில்லை. படை தலைமையிழக்கும் என்னும் அச்சம் மட்டுமே இருந்தது. சோலா தண்டிக்கப்பட்டார்.

அவ்வாண்டு ஜூலையில் போரமைச்சர் கவைஞாக் அந்த ஆவணத்தை நாடாளுமன்றத்தில் படித்துக் காட்டினார். அவ்வுரையை நாடெங்கும் சுவர்களில் ஒட்டுமாறு அவை முடிவு செய்தது. அடுத்த மாதம் ஓரிரவு, குயிஞே என்னும் அதிகாரி ஆவணங்களை விளக்கொளியில் சரிபார்த்தார். கட்டமிட்ட தாளின் கோடுகள் தலைப்பிலும் முடிவிலும் ஒரு நிறமாகவும், நடுப்பகுதியில் வேறு நிறமாகவும் இருந்தன. இரு கடிதங்களின் துண்டுகளை ஒட்டிச் செய்த போலி அது! உளவுத்துறை அதிகாரி ஆன்றி தாமே செய்ததாக ஒப்புக்கொண்டார். மறுநாள் சிறையில் தற்கொலை செய்துகொண்டார்.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். குயிஞே டிரேஃபஸின் பக்கத்தவர் அல்லர். டிரேஃபஸ் குற்றவாளியென்றே பின்னரும் நம்பியவர். ஆயினும் கோடுகளின் நிறம் அவருக்காக மாறவில்லை. சோலாவின் ஆதரவாளர் ஒருவர் கண்டிருந்தாலும் அதே நிறம்தான். பார்த்தவர் யார் என்பதும் பார்த்ததால் என்ன நேரும் என்பதும் தாளில் எழுதப்பட்டிருக்கவில்லை.

அப்படியாயின், சொல்பவரின் நோக்கத்தை வினவவே கூடாதா? வினவலாம். சாட்சி தாம் கண்டதாகச் சொல்லும் ஒன்றை அவர் சொல்லையே நம்பி ஏற்க வேண்டியிருந்தால், அவருக்குப் பகையோ பயனோ உண்டா என்று கேட்பது முறையே. நாமே எடுத்துப் பார்க்கக்கூடிய தாளுக்கு அக்கேள்வி விடையாகாது. விளைவைப் பற்றிய பேச்சுக்கும் உரிய இடம் உண்டு. உண்மை வெளிப்பட்டபின் படையை எவ்வாறு காப்பது என்று ஆராய்வதற்கு அது வேண்டும். கடிதத்தை எழுதியவர் யார் என்று தீர்ப்பதற்கு வேண்டாம்.

ஆகவே ஒரு செய்தியைப் படிக்கையில் ஆளைப் பற்றிய சொற்களையும் அச்சத்தைப் பற்றிய சொற்களையும் அடித்துவிட்டு, எஞ்சுவது என்னவென்று பாருங்கள். அன்று அடித்திருந்தால் எஞ்சியிருக்கக்கூடியது ஒரு கையெழுத்தும் ஒரு தாளும்தான். அவ்விரண்டையும் எடைபோட்டு, பிரெஞ்சு உச்ச நீதிமன்றம் டிரேஃபஸின் தண்டனையை நீக்கியது 1906 ஜூலையில். கைதாகிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு அருகில்.