நூற்றுக்கு 15 ரூபா என்ற கடன்



லயத்துக்கு வந்து கடன் கொடுப்பவர் "நூற்றுக்கு 15 ரூபாதான்" என்கிறார். 50,000 எடுத்தால் 7,500 சேர்த்து, 25 கிழமைக்கு, கிழமைக்கு 2,300 கட்டவேண்டும். கேட்க வங்கி வட்டி மாதிரித்தான் இருக்கிறது.

ஆனால் அந்த 50,000 நம்மிடம் எத்தனை நாள் இருக்கிறது? முதல் கிழமையே கடனில் 2,000 கழிகிறது, வட்டி 300. கடைசிக் கிழமையில் நம்மிடம் மிஞ்சியிருப்பது 2,000 மட்டும். அதற்கும் அதே 300தான்! கூட்டிப் பார்த்தால் சராசரியாக நாம் வைத்திருந்தது 26,000. அதற்கு 7,500 என்றால் நூற்றுக்கு 29 ரூபா, அதுவும் அரை வருடத்துக்குள். வருடக் கணக்கில் 60 வீதத்தை நெருங்குகிறது.

பத்திரச் செலவு, காப்புறுதி என்று 1,500ஐ முன்னமே பிடித்துக்கொண்டு 48,500 தந்தால் 70ஐத் தாண்டிவிடும். 2018 செப்டம்பரில் இலங்கைக்கு வந்த ஐ.நா. நிபுணர் பொஹோஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் வட்டி வருடத்துக்கு 220 வீதம் வரை போவதாகச் சொன்னார்.

இன்னொன்று, நமக்குச் சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை. தவணையோ கிழமைக்கு ஒருமுறை. இடையில் வரும் தவணைகளைக் கட்டத்தான் பலர் இரண்டாவது கடனுக்குப் போகிறார்கள்.

கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: கையில் எவ்வளவு வரும், மொத்தம் எவ்வளவு கட்டவேண்டும், எத்தனை கிழமை? பதிலை எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் கையெழுத்துப் போடாமல், தோட்டத் தலைவரிடம் வந்து சொல்லுங்கள்.