சொல்லாமல் சொல்லும் தன்விவரக் குறிப்பு



பணிக்கான தன்விவரக் குறிப்பில் வயது, மணநிலை, சமயம், நிழற்படம் ஆகியவற்றை எழுத வேண்டுமா என்று மாணவர்கள் கேட்கின்றனர். வேண்டாம் என்பது எளிய விடை. ஆயினும், வெளிப்படையாக நீக்கியபின்னும் அவை வேறு வழியில் உள்ளே வந்துவிடுகின்றன. அதனையே இன்று ஆராய்வோம்.

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத்தில் பிறந்து, ஈப்போவில் கணக்காளர் பணிக்கு விண்ணப்பிக்கும் பெண்ணொருவரைக் கற்பனை செய்வோம். வயதையும் பாலினத்தையும் அவர் எழுதவில்லை. ஆனால் பழக்கத்தால் அடையாள அட்டை எண்ணை எழுதிவிடுகிறார். 790412-08 என அது தொடங்குகிறது. முதல் ஆறு இலக்கங்கள் அவர் 1979 ஏப்ரல் 12இல் பிறந்தவர் என்கின்றன. 08 என்பது பேராக்கைக் குறிக்கும். இறுதி இலக்கம் இரட்டைப்படை எண்ணாயின் பெண். எண்ணை நீக்கினாலும், 1996இல் எஸ்.பி.எம். எழுதியதாகக் குறித்தால், அதன்பின் கடந்த ஆண்டுகளுடன் பதினேழைக் கூட்டி வயதை எவரும் கணித்துவிடுவர். தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெயர் இனத்தைச் சொல்லும். கோயில் இளைஞர் மன்றப் பொறுப்பு சமயத்தைச் சொல்லும்.

ஆகவே, ஒவ்வொரு வரியையும் ஒரே கேள்வியால் சோதிக்கலாம்: இப்பணியைச் செய்யும் ஆற்றலை இது காட்டுகிறதா? கணக்கியல் பட்டம் காட்டுகிறது. ஆகவே அது இருக்கட்டும். எஸ்.பி.எம். ஆண்டு காட்டவில்லை, உயர்ந்த தகுதி இருப்பதால் அதை விட்டுவிடலாம். மன்றத்தின் வரவு செலவை ஐந்தாண்டுகள் கவனித்திருந்தால், "தன்னார்வ அமைப்பின் பொருளாளர்" என எழுதலாம். கோயில் நிருவாகப் பணிக்கே விண்ணப்பித்தால், அதே வரியை முழுப் பெயருடன் எழுதுவதே பொருத்தம்.

இத்துணைக் கவனம் ஏன்? கூட்டரசு அரசியலமைப்பின் 8(2)ஆம் பிரிவு சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பால் ஆகியவற்றின் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்கிறது. வயதும் மணநிலையும் அப்பட்டியலில் இல்லை. தனியார் முதலாளிகளை அப்பிரிவு கட்டுப்படுத்தாது என்பதே நீதிமன்றங்களின் நிலைப்பாடு. எனவே முதல் வாசிப்பிலேயே ஒதுக்கப்பட்டவருக்குக் காரணம் தெரிவதும் அரிது, அதை மெய்ப்பிப்பதும் அரிது.

இதற்கு எல்லையும் உண்டு. பெயரில் உள்ள அ/பெ என்னும் குறியே பாலினத்தைக் காட்டிவிடும். பெயரை மறைக்க இயலாது. விண்ணப்பப் படிவம் நேரடியாகக் கேட்பவற்றிற்கு உண்மையே எழுத வேண்டும். விடுதல் வேறு, திரித்தல் வேறு. பணி கிடைத்தபின் சேமநிதிக்கு அடையாள அட்டை எண்ணும், மாத வருமான வரிக் கழிவுக்கு மணநிலையும் தேவைப்படும். அவற்றை அப்போது தருவதே முறை.

ஆசிரியர்கள் வகுப்பில் ஒரு பயிற்சி செய்விக்கலாம். ஒரு மாணவரின் குறிப்பைப் பெயர் நீக்கி மற்றொருவரிடம் கொடுத்து, எழுதியவரின் வயதையும் சமயத்தையும் ஊகிக்கச் சொல்லுங்கள். எந்த வரி காட்டிக்கொடுத்ததோ, அந்த வரியைப் பற்றி எழுதியவரே முடிவெடுக்கட்டும்.