ஏசியில பூஞ்சை: தண்ணி எங்கிருந்து வருது?

இன்னைக்கு ஸ்பிளிட் ஏசியைச் சுத்தம் பண்றது பத்திப் பேசலாம். வீட்டிலேயே எதை எல்லாம் கழட்டலாம், எங்கே நிறுத்திக்கணும், அவ்வளவுதான் விஷயம்.

ரெண்டு ஏசியை வச்சுப் பேசுறேன். ஒண்ணு பழனியில எங்க பெரியப்பா வீட்டில இருக்கிற 1.5 டன். இன்னொண்ணு கொடைக்கானல்ல ஒரு நண்பரோட ஹோம்ஸ்டேயில இருக்கிறது. "கொடைக்கானல்ல எதுக்குடா ஏசி?"ன்னு நீங்க கேட்கலாம். அது குளிருக்குச் சூடு தர்ற வகை. அங்கே ஜனவரி ராத்திரியில 10 டிகிரிக்குக் கீழே போயிடும். பழனி கடல் மட்டத்திலிருந்து சுமார் 320 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். ரெண்டு ஏசியிலயும் பூஞ்சை பிடிச்சிருந்தது. ஆனா பிடிச்ச இடமும் காரணமும் வேற.

ஏசின்னாலே குளிர்னு நினைக்கிறோம். 1902-ல அமெரிக்காவில வில்லிஸ் கேரியர் முதல்ல வடிவமைச்சது புரூக்ளின்ல ஒரு அச்சகத்துக்காக. அங்கே பிரச்சினை காத்தில இருந்த ஈரம். அதில காகிதம் விரிஞ்சு சுருங்கி, கலர் பிரிண்ட் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உட்காரலை. அதனால காத்திலேருந்து தண்ணியைப் பிரிக்கிறது ஏசிக்குப் பிறவிக் குணம். புழுக்கமான ராத்திரியில ஒரு 1.5 டன் ஏசி மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலயும் தண்ணி பிரிக்கும். அது கூலிங் காயில்ல வேர்த்து, கீழே இருக்கிற ட்ரேயில விழுந்து, டிரெயின் பைப் வழியா வெளியே போகணும். போகாம நின்னா, கூட தூசியும் இருந்தா, பூஞ்சைக்கு வேற எதுவும் வேண்டாம்.

பழனி ஏசியில நடந்தது இதுதான். அக்டோபர்ல மழை ஆரம்பிச்சதும் நிறுத்தினாங்க. மார்ச்ல திரும்பப் போட்டாங்க. போட்ட உடனே ஈரத்துணி வாடை. பெரியம்மாவுக்கு ஆஸ்துமா உண்டு; ரெண்டு ராத்திரி தூங்க முடியாம இருமினாங்க. அப்புறம்தான் எனக்கு போன் வந்தது.

முதல் வேலை கரண்டை நிறுத்துறது. ரிமோட்ல ஆஃப் பண்ணா போதாது, எம்சிபியை இறக்கணும். பெரியம்மாவை வேற அறைக்கு அனுப்பிட்டு, கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, என்95 மாஸ்க் போட்டுக்கிட்டேன். முன் மூடியைத் தூக்கினா ரெண்டு வலை ஃபில்டர். அதில இருந்தது சாம்பல் நிறத் தூசி. பிரஷ்ல தட்டினா உதிர்ந்தது. பூஞ்சைன்னா உதிராது, விரல் வச்சா கறுப்பாவோ பச்சையாவோ இழுவும். இந்த வித்தியாசத்தை முதல்ல பாருங்க.

ஃபில்டரைக் கழுவும்போது தூசி ஒட்டின பக்கத்துல தண்ணி அடிச்சா, தூசி வலைக்குள்ளேயே இறங்கிடும். பின்பக்கத்திலேருந்து அடிச்சாத்தான் வெளியே வரும். பாத்திரம் கழுவுற சோப்பு ரெண்டு சொட்டு போதும். வெந்நீர் வேண்டாம், வெயிலும் வேண்டாம், சட்டம் வளைஞ்சிடும். நிழல்ல முழுசாக் காயணும். ஈரத்தோட மாட்டினா பூஞ்சைக்கு நாமே விருந்து வைக்கிற மாதிரி.

இத்தோட நிறுத்தியிருந்தா வாடை போயிருக்காது. ஏன்னா தண்ணி நின்னது ஃபில்டர்ல இல்லை, ட்ரேயில. நிறைய மாடல்ல ட்ரே உடம்போட ஒண்ணாவே இருக்கும், தனியா உருவ முடியாது. அதனால தண்ணி ஊத்தித்தான் சோதிக்கணும். கீழே ஒரு பிளாஸ்டிக் ஷீட் விரிச்சுட்டு, மூக்கு வச்ச பாட்டில்ல தண்ணி எடுத்து, காயிலோட அடிப்பக்கத்துல மெதுவா ஊத்தினேன். சர்க்யூட் போர்டு பெரும்பாலும் வலது பக்கம் இருக்கும், அந்தப் பக்கம் போகாதீங்க. காயில் தகடு விரலைக் கிழிக்கும், கிளவுஸ் போட்டுக்கோங்க.

கால் லிட்டர் ஊத்தினேன். வெளியே பைப் முனையில வச்ச வாளியில அஞ்சு நிமிஷத்துல சில சொட்டுதான். அதுக்கு மேல ஊத்தினா சுவரு வழியா வீட்டுக்குள்ளதான் வழியும், நிறுத்திட்டேன். வெளியே போய்ப் பார்த்தா பைப் முனையில குளவி மண்கூடு கட்டியிருந்தது! அதைக் கம்பியால உடைச்சு எடுத்துட்டு, தண்ணி உறிஞ்சுற வகை வாக்குவம் கிளீனர் குழாயை முனையில வச்சு, இடைவெளியில துணி சுத்தி, ஒரு நிமிஷம் இழுத்தேன். பழுப்பு நிறத்துல ஜெல்லி மாதிரி ஒரு கொழகொழப்பு வந்து விழுந்தது. பைப்புக்குள்ள ஊதாதீங்க. கசடு ட்ரேக்கே திரும்பும், வேகமா ஊதினா சுவருக்குள்ள ஜாயிண்ட் கழண்டுக்கும்.

அப்புறம் சோப்புத் தண்ணியைக் காயில்லயும் ட்ரேயிலயும் தெளிச்சு, மென்மையான பிரஷ்ல தகடு போற திசையிலேயே மேலிருந்து கீழா தேய்ச்சு, நல்ல தண்ணி விட்டுக் கழுவினேன். பிளீச், வினிகர் ரெண்டும் வேண்டாம். அலுமினியத் தகட்டை அரிக்கும். ரெண்டையும் கலந்தா குளோரின் வாயு வரும், அது இருமலை விட ஆபத்து. கடைசியா ஒரு லிட்டர் ஊத்தினேன். ரெண்டு நிமிஷத்துல வாளியில 900 மில்லி. மிச்சம் காயில்ல ஒட்டின ஈரம். இதுதான் பாஸ்.

ஒண்ணு கவனிங்க. செடிக்கு ஊத்தலாம்னு ஏசி தண்ணியை வாளியில பிடிக்கிறது நல்ல பழக்கம். ஆனா பைப் முனை வாளித் தண்ணிக்குள்ள முங்கக் கூடாது. முங்கினா வடியறது தடைப்படும்.

இப்போ கொடைக்கானல் ஏசி. அங்கேயும் அதே சோதனை பண்ணோம். ஊத்தின தண்ணி அப்படியே வந்தது. ட்ரே சுத்தம். கறுப்புப் புள்ளி முழுக்க ஃபில்டர்லயும், காத்து வர்ற மடல்லயும்தான். காரணம், சூடு தரும்போது உள்ளே இருக்கிற காயில் சூடாத்தான் இருக்கும். அதில தண்ணி வேர்க்காது. வேர்க்கிறது வெளி யூனிட்ல. அப்போ ஈரம் எங்கிருந்து? மூடியே கிடக்கிற அறையில நுழையிற பனிமூட்டத்திலேருந்து, போர்வைப் பஞ்சு படிஞ்ச ஃபில்டர்ல. அங்கே டிரெயினை எத்தனை தடவை கழுவினாலும் பலன் இல்லை. ஃபில்டரைக் கழுவி, மடலைச் சோப்புத் துணியால துடைச்சு, விருந்தாளி இல்லாத நாள்லயும் அறைக்குக் காத்து விடணும்.

பழனி மாதிரி ஊர்ல பண்ண வேண்டியது வேற. கூலிங்கை நிறுத்துறதுக்கு முன்னாடி ஃபேன் மோட்ல அரை மணி நேரம் ஓட விடுங்க, காயில் காயும். சீசன் முடிஞ்சு கடைசியா நிறுத்துற அன்னைக்கு இதைக் கட்டாயம் பண்ணணும். அன்னைக்கு விட்ட ஈரம்தான் மார்ச்ல வாடையா வரும். சில மாடல்ல ஆட்டோ கிளீன்னு ஒரு வசதி இருக்கும், அதுவும் முக்கியமா இந்த உலர்த்துற வேலைக்குத்தான்.

எங்கே நிறுத்திக்கணும்? மடலுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. உருளை மாதிரி இருக்கிற புளோயரோட இறகுகள்ல கறுப்பு அப்பியிருந்தா, வீட்டு பிரஷ் அங்கே சரியா எட்டாது. ஃபில்டர், ட்ரே எல்லாம் சுத்தமாகியும் ரெண்டு மூணு நாள்ல வாடை திரும்பினாலும் சந்தேகம் அதே இடம்தான். யூனிட்டைச் சுத்திப் பை கட்டி பிரஷர்ல கழுவுற டெக்னீஷியனைக் கூப்பிடுங்க. அவர் முடிச்சதும், போறதுக்கு முன்னாடி, அந்த ஒரு லிட்டர் சோதனையை அவர் முன்னாடியே பண்ணிப் பாருங்க.

உங்க ஏசியில தண்ணி எங்கே நின்னதுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.